தாமோதரனுக்குக் கரப்பான் பூச்சி இருக்கிறது

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்: என் புருஷன் பேர் கன்னையா. சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நான் அதே ஊரில் தொடக்கப் பள்ளி டீச்சர். ருக்மணி டீச்சர் என்றால் கிரீம்ஸ்பேட்டையில் வீடு காட்டுவார்கள்.

கல்யாணமான புதிதில் ஏதோ சண்டையில் நான், "போங்க, உங்களோட இனிமே பேச மாட்டேன்" என்றேன். உலகத்தில் எந்தப் பெண்டாட்டிதான் அதைச் சொல்லவில்லை? இவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. கோபமே இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனாம், என் சொல்லுக்கு மரியாதை கொடுக்கிறாராம். பன்னிரண்டாம் நாள் நானே அழுதுகொண்டே வாயைத் திறந்தேன். "அப்போ தீர்மானத்த மாத்திக்கினியா?" என்று கேட்டார். அவர் மண்டையில் கரண்டியால் ஒன்று போட்டிருக்க வேண்டும், போடாமல் விட்டதுதான் என் வாழ்நாள் தப்பு.

ஆபீசிலும் இதே கதைதான். எழுதியிருப்பதை எழுதியபடி மாற்ற வேண்டும், ஒரு சொல் கூடக் கூடாது, ஒரு சொல் குறையக் கூடாது. அர்த்தத்தை நாம் சேர்த்தால் அது பொய்ச் சாட்சி. இப்படித்தான் சொல்வார். ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் 'சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபது வருஷத்தில் அந்தக் கையெழுத்தைப் பற்றி யாரும் ஒரு புகார் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வார்கள்? எங்கள் ஜில்லாவில் பாதிப் பேச்சு தமிழ், பாதிப் பேச்சு தெலுங்கு. தமிழன் வயிற்றில் அடிக்காதே என்பான், தெலுங்கன் கடுபு கொட்டொத்து என்பான். அதுவும் வயிற்றில் அடிக்காதே என்பதுதான். தமிழன் காதில் பூச்சுற்றுகிறாயா என்றால் தெலுங்கனும் செவிலோ பூவு என்பான். நாற்பது தலைமுறையாக ஒரே சந்தையில் கத்திரிக்காய் வாங்கி, ஒரே கிணற்றுக்குச் சண்டை போட்ட இரண்டு ஜனம். திட்டுவதும் கெஞ்சுவதும்கூட ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆகிவிட்டது. இங்கே சொல்லுக்குச் சொல் மாற்றினால் முக்கால்வாசி சரியாக வந்துவிடும். எல்லா மொழியும் இப்படித்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

இவருக்குப் பிரெஞ்சும் வரும். மாமனார் புதுச்சேரி மில்லில் வேலை பார்த்தவர், இவர் பதின்மூன்று வயது வரை அங்கே படித்தார். ஒரு சட்டைப்பை அகராதியும் வைத்திருந்தார். அகராதி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம், வெற்றிலைப் பெட்டி அளவுதான். அந்த அகராதியால்தான் என் தங்கை தாட்சாயணியின் வாழ்க்கை கந்தலாகப் பார்த்தது.

ஆந்திரா, மெட்ராஸ் எல்லைத் தகராறு சூடாக இருந்த காலம். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை விட்டுப்போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது, ஆனால் அவர்களுடைய வியாபாரக் கம்பெனிகள் சில அப்படியே இருந்தன. அதில் ஒரு துணிக் கம்பெனியில் தாமோதரன் குமாஸ்தா. நான் பிறந்த நகரியில் எங்கள் தெருப் பையன். தறி நெய்கிற குடும்பம், எங்களைப் போலவே. அவன் சின்ன வயதிலேயே அவன் அப்பா போய்விட்டார், அம்மா செங்கம்மா நூல் சுற்றி வளர்த்தாள். பையன் பதினைந்து வயதில் புதுச்சேரிக்கு ஓடி, ராத்திரிப் பள்ளியில் பிரெஞ்சு படித்து, மேலே வந்தான். அந்தச் செங்கம்மாதான் ஒரு நாள் வந்து தாட்சாயணியைப் பெண் கேட்டாள்.

தாட்சாயணிக்கு அவன் மேல் ஆசை. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எங்கள் நைனா கோவர்த்தனனுக்கு மட்டும் தெரியாது. அவர் யாரையும் விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டார். புதுச்சேரியில் நமக்கு யாரும் இல்லை. அதனால் சித்தூருக்கு வந்து இவரிடம் சொன்னார்:

"மாப்ள, அவன் வேல செய்ற கம்பெனி தொரைக்கு ஒரு லெட்டர் போடு. பையன் எப்டிப்பட்டவன்னு கேளு. தொர பொய் சொல்ல மாட்டான்."

இவர் பிரெஞ்சில் கடிதம் எழுதினார். மூன்று வாரம் கழித்துப் புரூனே என்ற அந்தத் துரையிடமிருந்து பதில் வந்தது. நீல மசியில் அழகான கையெழுத்து. இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மொழிபெயர்த்தார். நைனா நகரியிலிருந்து பஸ்ஸில் வந்து, கூடத்தில் பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். தாட்சாயணியையும் கூட அழைத்து வந்திருந்தார். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"அன்புள்ள ஐயா. தாங்கள் விசாரித்த இளைஞர் தம் சிறு வயதில் வெறி பிடித்த பசுவைத் தின்றிருக்கிறார். அவர் கண்களில் குளிர்ச்சி இல்லை. அவருக்கு இதயம் கையின் மேல் இருக்கிறது. சில காலமாக அவருக்குக் கரப்பான் பூச்சி இருக்கிறது. தங்களது பதில் ஒன்றே அதைக் குணமாக்கும் என்று எண்ணுகிறேன். தங்கள் உண்மையுள்ள, புரூனே."

நைனா பாயோடு முன்னால் நகர்ந்தார்.

"இன்னாது துன்னான்?" என்றார் நைனா.

"பசு, மாமா. வெறி புடிச்ச பசு."

"பசுவையா? அதுவும் வெறி புடிச்சதையா? சாதாரணப் பசுகூட இல்லியா?"

"வெறி புடிச்ச பசுன்னுதான் எழுதிக்கீறாரு."

நைனா ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். கண்ணில் குளிர்ச்சி இல்லை என்றால் என்ன? ஈவு இரக்கம் இல்லாதவன், கண்ணில் ஈரமே இல்லாதவன். அது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இதயம் கை மேல் இருப்பதுதான் குழப்பம்.

"பொறக்கும்போதே அப்டியா, இல்ல எங்கனா வுழுந்து நவுந்துச்சா?"

"அது எழுதல மாமா."

"புத்தூர்ல கட்டுப் போட்ற வைத்தியர் கிட்ட கேட்டுப் பாக்கலாமா? எலும்பு நவுந்தா கட்டிடுறாரு."

"அது எலும்பு இல்லீங்களே" என்றார் இவர், ரொம்பப் பொறுப்பாக.

கரப்பான் விஷயத்தில் நைனாவுக்கு முதலில் கொஞ்சம் ஆறுதல்தான். "கரப்பான் தானே? சின்னப் பசங்களுக்கு வர்ற சொறி. நம்ம கிருஷ்ணம்மா பேரனுக்குக்கூட வந்துச்சு, எண்ண தடவுனா போயிடும்" என்றார். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒரு சொறியையாவது விட்டுவைத்திருக்கலாம். மாட்டேன் என்றார்.

"சொறி இல்ல மாமா. பூச்சி. அந்த சந்தேகம் வரக் கூடாதுன்னுதான் பூச்சின்னு தெளிவா போட்டுருக்கேன்."

அவர் செய்த ஆராய்ச்சியை விளக்கினார். கஃபார் என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு அவருடைய அகராதியில் இரண்டு அர்த்தம். ஒன்று, பாசாங்குக்காரன். இரண்டு, கரப்பான் பூச்சி. துரை 'அவன் கஃபார்' என்று எழுதியிருந்தால் பாசாங்குக்காரன் என்று கொள்ளலாம். 'அவனிடம் கஃபார் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். இருப்பது பூச்சியாகத்தான் இருக்க முடியும். இலக்கணம் அப்படி. இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் கொடுமை.

"எங்க கீது அந்தப் பூச்சி? வயித்துலயா?"

"இடம் சொல்லல."

"அத கொணமாக்க நம்ம பதில் இன்னாத்துக்கு? நாம இன்னா பூச்சி மருந்தா விக்கிறோம்?"

இவர் காகிதத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். அங்கேயே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். நம்முடைய கடிதம் போனால் சரியாகிற நோய் என்ன நோய் என்று ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். இவர் அடியில் 'சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நைனா கையில் கொடுத்தார். சமையலறையில் ஒரு தம்ளர் விழுந்தது.

நைனா தாட்சாயணியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். நகரியில் இருந்தால் அந்தத் தெருவும் செங்கம்மா வீடும் கண்ணில் படும், இங்கே இருந்தால் மனசு ஆறும் என்றார். நான் அன்றைக்கே இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, ஒரு மனுசன் கல்யாண விசாரணைக்குப் பதில் எழுதும்போது பையனுக்குப் பூச்சி இருக்குன்னா எழுதுவான்? அது எதோ பேச்சு வழக்குங்க."

"பேச்சு வழக்குன்னா அகராதியில போட்ருப்பான்."

"உங்க அகராதி வெத்தலப் பொட்டி மாதிரி கீது. அதுல இன்னாத்த போடுவான்?"

"ருக்மணி, என் வேல அவன் சொன்னத சொல்றது. அவன் நெனச்சத சொல்றது இல்ல."

அந்த வாரமே ஆபீசில் ஒரு கூத்து நடந்தது. விஜயபுரம் பக்கத்து விவசாயிகள் எல்லை விஷயமாக ஒரு மனு கொடுத்திருந்தார்கள். எங்களை அந்தப் பக்கம் தள்ளி எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று தமிழில் எழுதியிருந்தார்கள். இவர் அதை இங்கிலீஷில் அப்படியே வயிறு, அடி எல்லாம் போட்டு மாற்றிவிட்டார். புதிதாக வடக்கேயிருந்து வந்த ஒரு மேலதிகாரிக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அவர் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கேட்டிருந்தார்: அடித்தது யார்? எத்தனை பேருக்குக் காயம்? டாக்டர் சர்டிபிகேட் உண்டா? அதோடு விடவில்லை, விசாரிக்க ஒரு ஆளையும் அனுப்பிவிட்டார். அந்த ஆள் ஊருக்குப் போய் விவசாயிகளை வரிசையாக நிறுத்தி, வேட்டியைத் தளர்த்தி வயிற்றைக் காட்டச் சொன்னானாம். "இன்னும் அடிக்கல சாமி, அடிக்கப் போறீங்கன்னு எழுதினோம்" என்றார்களாம். அவன் அதையும் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டு வந்தான்.

இவர் வீட்டுக்கு வந்து இதை வருத்தமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பாத்தீங்களா? இங்க வயித்துல அடிக்கிறதுன்னா இன்னான்னு எல்லாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியல. அதே மாதிரிதான் தொர எழுதுன பூச்சியும்."

"அது வேற, இது வேற. அவருக்கு நம்ம மொழி தெரியாது. எனக்குப் பிரெஞ்சு தெரியும்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும்.

நைனா மறுபடி வந்து, துரைக்குப் பதில் எழுதச் சொன்னார். மரியாதையாகச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதினால் போதும். ஆனால் நைனாவுக்குப் பசு நெஞ்சிலேயே நின்றது. கண் சிவக்கச் சொன்னார், இவர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்:

"எங்க காதுல பூச்சுத்தாதீங்க. எங்க தலையில கல்லப் போடப் பாக்காதீங்க. தெரிஞ்சே எங்க பொண்ண நாங்க பாழும் கெணத்துல தள்ள மாட்டோம். இனிமே இந்தப் பேச்ச எடுத்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"இத மட்டும் அனுப்பாதீங்க" என்று நான் கெஞ்சினேன். தாட்சாயணி குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. இவர் அன்று மாலையே சொல்லுக்குச் சொல் பிரெஞ்சாக்கி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கைகால் கழுவினார். ஒரு கடமையை முடித்த முகம். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து நாள் கழித்து, விழுப்புரம் ரயிலிலிருந்து இறங்கித் தாமோதரன் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. தலை கலைந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கருப்பு. தாட்சாயணி சட்டென்று உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"உக்காருப்பா" என்றேன் நான்.

"மாமா" என்றான் அவன், "அந்தப் பொண்ண யாரு கெணத்துல தள்றாங்க?"

"எந்தப் பொண்ண?"

"நீங்கதானே எழுதினீங்க. தொர மெரண்டு போயிட்டாரு. எதோ ஒரு பொண்ண கெணத்துல தள்றதா வேணாமான்னு ஆலோசன பண்றாங்க, கல்லு எடுத்துத் தலையில போட்றாங்க, பெத்தவரு மனுசன்லேர்ந்து வேற எதோவா மாறப் போறாராம், காதுல பூ வெக்கற எதோ சடங்குகூட நடக்குது, ஒடனே போலீசுக்கு எழுதணும்னாரு. நான்தான் வாங்கிப் பாத்தேன். பிரெஞ்சுல படிச்சா ஒண்ணும் புரியல. ஒவ்வொரு சொல்லா தமிழாக்குனேன். அப்பறம் புரிஞ்சிச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மொதல்ல சிரிச்சேன் மாமா. அப்பறம் வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு ஒறைச்சிது."

இவருக்கு முகம் மாறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. உள்ளே போய்த் துரையின் கடிதத்தை எடுத்து வந்து நீட்டினார்.

"இதுக்கு இன்னா சொல்ற? உங்க தொரையே எழுதிக்கீறாரு. கரப்பான் பூச்சி."

தாமோதரன் படித்தான். அதன் அர்த்தத்தை வாயால் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தான். துரையின் பெரிய பிரெஞ்சு, இங்கிலீஷ் அகராதி. துரையே கொடுத்து அனுப்பினாராம்.

"நீங்களே பாருங்க மாமா. சொல்லுக்குக் கீழ, மூணாவது வரியில. கஃபார் தனியா வந்தா பூச்சி. இருக்குங்கறதோட சேந்து வந்தா அது மொத்தமா வேற."

இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடினார். பாசாங்குக்காரன் இருந்தது. கரப்பான் பூச்சி இருந்தது. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், இவருடைய வெற்றிலைப் பெட்டியில் இல்லாத அந்த வரி இருந்தது. எதிரே இங்கிலீஷில் மூன்று சொல். இவர் உதட்டை அசைத்து மொழிபெயர்த்தார்.

"அவனிடம் நீலங்கள் இருக்கின்றன."

தாமோதரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். இங்கிலீஷ்காரனும் பூச்சிக்குப் பதில் ஒரு வண்ணத்தை வைத்திருக்கிறான். அகராதிக்காரன் அர்த்தத்தைச் சொல்லாமல், அவன் ஊர்ப் பேச்சுக்கு இவன் ஊர்ப் பேச்சை வைத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளேயிருந்து தாட்சாயணி ஒரு சத்தம் போட்டாள். அது சிரிப்பா விம்மலா என்று எனக்குத் தெரியவில்லை.

"பூச்சியும் இல்ல, நீலமும் இல்ல மாமா" என்றான் தாமோதரன். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மனசு சரியில்ல. ரெண்டு மாசமா எதுலயும் ஓட்டம் இல்ல. அதத்தான் தொர எழுதினாரு. உங்க பதில் வந்தா சரியாயிடும்னாரு."

இவர் துரையின் கடிதத்தில் இன்னொரு வரியைக் காட்டினார். கண்ணில் குளிர்ச்சி இல்லை.

"பயந்தவன் இல்லன்னு அர்த்தம். அவங்க ஊர்ல குளிருன்னா நடுக்கம். நடுங்காதவன்."

"இதயம் கை மேல?"

"தாராள மனசு. அது தொர எனக்காகச் சும்மா எழுதுனது."

கடைசியில் பசுவுக்கு வந்தார். அதைக் கேட்க அவருக்கே தயக்கம். விரலை மட்டும் வைத்தார்.

"நான் எந்தப் பசுவையும் துன்னல மாமா. பட்டினியும் கஷ்டமுமா மேல வந்தவனை அவங்க அப்டிச் சொல்வாங்க. அது உண்மதான். பதினஞ்சு வயசுல போயி, மார்க்கெட்டுல மூட்ட தூக்கி, படியில படுத்து, நாய் படாத பாடு பட்டேன்."

இவர் பேனாவை எடுத்துவிட்டார். பழக்க தோஷம், யாராவது வாக்குமூலம் கொடுத்தால் எழுதிக்கொள்வார். எழுத ஆரம்பித்தவர் நாய் என்ற சொல்லில் நின்றுவிட்டார். பேனா காகிதத்தில் மசியைக் கசியவிட்டுக்கொண்டே இருந்தது.

"நாய்" என்றார். பிறகு, "நாயும் இல்ல" என்றார். நெடு நேரம் கழித்து, "அப்போ பசுவும் இல்ல" என்றார்.

அவ்வளவுதான். இருபது வருஷம் கட்டிய கோட்டை. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. அவர் நல்லவர். யார் சொல்லையும் திரிக்கக் கூடாது என்றுதான் வாழ்ந்தார். திரிக்காமலே ஒருவனைக் கெடுக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன், அதை அவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் நால்வரும் நகரிக்குப் போனோம். தாமோதரன் அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். நாங்கள் மூவரும் நைனா முன்னால் போய் நின்றோம். தறிச் சத்தம் நின்றது.

"மாமா, அந்த மொழிபெயர்ப்பு தப்பு" என்றார் இவர். இதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

"எந்தச் சொல்லு தப்பு?"

"எந்தச் சொல்லும் தப்பு இல்ல. மொத்தமும் தப்பு."

நைனா நம்பவில்லை. எப்படி நம்புவார்? கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பசு இல்லை என்கிறாயே, பசு என்று இங்கே எழுதியிருக்கிறதே, நீயே எழுதியதுதானே என்றார். இவர் ஒவ்வொன்றாக விளக்கினார். நைனா பாதி கேட்டார், பாதி தலையை ஆட்டினார். தாமோதரன் சொன்ன அர்த்தத்தைத் தாமோதரன் சாதகமாகத்தானே சொல்வான் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாத்துக்கு இத்தன பேச்சு? அவளையே கேட்டுட்றேன். இன்னாம்மா தாட்சாயணி, இன்னா சொல்ற? வெக்கப்படாம சொல்லு."

தாட்சாயணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல வருஷமாக மனசில் வைத்திருந்ததை அப்பன் முகத்துக்கு நேராக எந்தப் பெண் சொல்வாள், அதுவும் எங்கள் தெருவில், அந்தக் காலத்தில்?

"எனக்கு இன்னா தெரியும் நைனா. உங்க இஷ்டம்" என்றாள்.

நைனா கையைத் தட்டினார். "கேட்டியா மாப்ள? அவளுக்கு ஒண்ணும் இல்ல. என் இஷ்டம்னுட்டா. என் இஷ்டம், வேணாம். முடிஞ்சிச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார்.

"இல்ல மாமா. அவ அத சொல்லல."

"என் காதால கேட்டேன். உங்க இஷ்டம்னு சொன்னா."

"சொன்னது அது. அதுக்கு அர்த்தம் வேற. அவனத்தான் கட்டிக்குவேன், உங்க வாயால ஒரு தடவ சரின்னு சொல்லுங்கன்னு கேக்குறா."

நைனா இவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த அகராதியில போட்டுக்கீது?"

"அகராதியில இல்ல. நானே பாத்தேன். எங்க வூட்ல தெனம் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு, தட்டுல வெச்ச சோத்த கொல்லப்பக்கம் கொண்டு போயி காக்காக்கு கொட்டிட்டு வரா. ருக்மணிக்குக்கூடத் தெரியாது. பதினஞ்சு நாளா அவ சரியா சாப்புடல மாமா."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் கழுவி வைத்த தட்டை மட்டும்தான் பார்த்தேன். இவர் பார்த்திருக்கிறார். பார்த்து எண்ணியும் வைத்திருக்கிறார், இன்றைக்கு வரை என்ன அர்த்தம் என்று தெரியாமல்.

நைனா கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"மாப்ள சொல்றது நெசமாம்மா?"

தாட்சாயணி நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல நைனா" என்றாள். "மாமா தப்பா சொல்றாரு. பதினேழு நாளு."